"நல்லா இருக்கு" என்றால் யார் நம்புவார்கள்?

நேரடி விற்பனை செய்யும் நம்மில் பலர் இப்போது வாடிக்கையாளரைப் பேச வைத்து வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறோம். நானும் போட்டேன். மாப்பிள்ளை சம்பா அரிசி வாங்கும் ஒரு அம்மா, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, நான் எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து ஒப்பித்தார். "இந்த அரிசி ரொம்ப நல்லா இருக்கு. ஆரோக்கியமா இருக்கு. கெமிக்கல் இல்லாதது. எல்லாரும் வாங்கிப் பயன்பெறுங்கள்." நாற்பது விநாடி. என் மனைவி பார்த்துவிட்டு, "பாவம், அந்தம்மாவ ஏன் இப்படி மிரட்டி வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். அந்த வீடியோவைப் பார்த்து ஒரு கிலோகூடப் புதிதாக விற்கவில்லை.

அதே அம்மாவை நான்கு மாதம் கழித்து மறுபடியும் எடுத்தேன். இரண்டாவது வீடியோவைப் பார்த்தவர்கள் போன் செய்து, "அந்தம்மா சொன்ன மாதிரி ராத்திரியே ஊற வைக்கணுமா சார்?" என்று கேட்டார்கள். ஆள் அதே ஆள், அரிசி அதே அரிசி. கேள்வியை மட்டும்தான் மாற்றினேன். எப்படி மாற்றினேன் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

கறவை மாடு கற்றுக்கொடுத்த பாடம்

இதில் புதிதாக நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. வங்கியில் கிராமக் கிளையில் வேலை பார்த்தபோது தெரிந்துகொண்டதைத்தான் இங்கே பயன்படுத்தினேன். கறவை மாட்டுக் கடன் கேட்டு வருபவரிடம், "மாடு நல்லா கறக்குமா?" என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "நல்லா கறக்கும் சார்." பொய் சொல்பவரும் அதையே சொல்வார், உண்மை சொல்பவரும் அதையே சொல்வார். அந்தப் பதிலை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

என் மேலாளர் வேறு மாதிரி கேட்பார். "நேத்து சாயங்காலம் சொசைட்டியில எத்தனை லிட்டர் ஊத்துனீங்க?" ஒருவர் சொன்னார்: "மூன்றரைதான் சார். கன்னுக்குட்டி கட்டை அவுத்துக்கிட்டுப் போயி குடிச்சிருச்சு. இல்லாட்டி அஞ்சு வந்திருக்கும்." அந்தக் கன்றுக்குட்டியைக் கேட்டதுமே மேலாளர் பேனாவை எடுத்துவிட்டார். பொய் சொல்கிறவன் குறைத்துச் சொல்ல மாட்டான், கன்றுக்குட்டியையும் கொண்டுவர மாட்டான்.

வித்தியாசம் இதுதான். "நல்லா கறக்குமா" என்பது கருத்தைக் கேட்கிறது. "நேத்து சாயங்காலம்" என்பது ஒரு நாளை, ஒரு இடத்தை, ஒரு அளவைக் கேட்கிறது. கருத்தைக் கேட்டால் மனிதர்கள் மரியாதைக்குப் பதில் சொல்வார்கள். நடந்ததைக் கேட்டால் ஞாபகத்திலிருந்து சொல்வார்கள். ஞாபகத்திலிருந்து வரும்போது அதோடு கன்றுக்குட்டி, மாமியார், கரிந்துபோன குக்கர் எல்லாம் சேர்ந்து வரும். பார்ப்பவர் நம்புவது அவற்றைத்தான்.

யாரைப் பேச வைப்பது?

நம்மைப் பார்த்ததும் "ஆஹா ஓஹோ" என்று புகழ்பவரைத்தான் முதலில் தேடிப் போவோம். அது தவறு. நான் இப்போது விற்பனை நோட்டைத்தான் முதலில் பார்க்கிறேன். குறைந்தது நான்கைந்து முறை திரும்பி வாங்கியவர், நடுவில் ஒரு தடவையாவது குறை சொல்லி போன் செய்தவர், சொந்தக்காரராக இல்லாதவர். இந்த மூன்றும் சேர்ந்த ஆள் கிடைத்தால் அவரிடம் கதை இருக்கிறது என்று அர்த்தம். குறை சொல்லியும் விட்டுப் போகாமல் இருக்கிறார் என்றால், அதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம்தான் வீடியோ.

நான் எடுத்த அம்மா திருச்சியில் இருக்கிறார், பள்ளி ஆசிரியை. என் நோட்டில் அவர் கணக்கு இப்படி இருந்தது: ஆடியில் 2 கிலோ, ஆவணியில் வாங்கவில்லை, புரட்டாசியில் 5 கிலோ, பிறகு மாதா மாதம் 10 கிலோ. நடுவில் "வண்டு, போன்" என்று என் கையெழுத்திலேயே ஒரு குறிப்பு. முதல் வீடியோ எடுத்தபோது இந்தப் பக்கத்தை நான் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வி எல்லாம் அதில்தான் இருந்தது. ஆவணியில் ஏன் வாங்கவில்லை? இரண்டு கிலோ எப்படிப் பத்து கிலோ ஆயிற்று? வண்டு விழுந்தபோது என்ன செய்தார்?

ஸ்கிரிப்ட் யாருக்கு?

ஸ்கிரிப்ட் என்றதும், பேசுபவர் சொல்ல வேண்டிய வசனம் என்று நினைத்துவிடுகிறோம். பேசுபவருக்கு வசனமே கூடாது. ஸ்கிரிப்ட் கேட்பவருக்கு உரியது. எதை முதலில் கேட்பது, எதை அடுத்துக் கேட்பது, எங்கே தோண்டுவது என்ற வரிசைதான் அது. பேசி முடித்த பிறகு, பேசியதிலிருந்து எதை எடுத்து எந்த வரிசையில் வைப்பது என்று இன்னொரு தாள் எழுதுவோம். அது இரண்டாவது ஸ்கிரிப்ட். ஆக இரண்டு தாள், இரண்டுமே நம் கையில்.

கேள்விகளை முன்னாலேயே அனுப்பச் சொல்லிக் கேட்பார்கள். அனுப்பினால் அவர்கள் பதில் எழுதி, மகனிடம் காட்டித் திருத்தி, மனப்பாடம் செய்துவிடுவார்கள். "நீங்க முதல்ல வாங்கினது, சமைச்சது, பிரச்சினை வந்தது, இதைப் பத்திப் பேசலாம்மா. ஒண்ணும் தயார் பண்ண வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டால் போதும்.

இன்னொரு சின்ன விஷயம். வீடியோவில் நம் குரலை வெட்டிவிடுவோம். "எத்தனை கிலோ வாங்கினீங்க?" என்று கேட்டு அவர் "ரெண்டு" என்றால், வெட்டிய பிறகு அந்த "ரெண்டு" ஒன்றுக்கும் உதவாது. அதனால் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும்: "நான் கேட்டது யாருக்கும் கேக்காதும்மா. அதனால முழுசாச் சொல்லுங்க. 'முதல் தடவை ரெண்டு கிலோ வாங்கினேன்'னு சொல்லுங்க." இரண்டு பதிலுக்குள் பழகிவிடுவார்கள்.

கேள்விகளும் அவற்றின் வரிசையும்

நான் கேட்பது ஆறே கேள்விகள். நடந்த வரிசையிலேயே கேட்கிறேன், ஏனென்றால் ஞாபகம் அந்த வரிசையில்தான் வரும்.

1. எங்கள் அரிசி வருவதற்கு முன்னால் வீட்டில் என்ன அரிசி, எங்கே வாங்கினீர்கள்?
2. முதல் தடவை வாங்கும்போது மனதில் என்ன சந்தேகம் இருந்தது? வீட்டில் யார் வேண்டாம் என்றார்கள்?
3. முதன்முதலில் சமைத்த நாளைச் சொல்லுங்கள். அன்று என்ன நடந்தது?
4. எதில் ஏமாற்றம்? எப்போது விட்டுவிடலாம் என்று தோன்றியது?
5. பிறகு ஏன் திரும்ப வாங்கினீர்கள்? எந்த நாளில் மனம் மாறியது?
6. இந்த அரிசி யாருக்குச் சரிப்படாது?

முதல் கேள்வி எளிதாக இருக்கும், பேச்சு சரளமாகும். இரண்டாவது கேள்விதான் கதவைத் திறக்கிறது. பார்க்கிறவருக்கும் அதே சந்தேகம் இருக்கும். விலை அதிகமோ, வேகாதோ, பிள்ளைகள் சாப்பிடாதோ என்று யோசித்துக்கொண்டிருப்பார். தன் சந்தேகத்தை இன்னொருவர் வாயிலிருந்து கேட்டால் மேலே கேட்பார். ஆறாவது கேள்வியைக் கேட்கப் பலருக்குத் தயக்கம். எனக்கும் இருந்தது. ஆனால் "எல்லாருக்கும் நல்லது" என்று முடிகிற பேச்சை யாரும் நம்புவதில்லை. "அவசரமா ஆபீஸ் போறவங்களுக்குத் தினமும் இது ஒத்துவராது" என்று ஒருவர் சொன்னால், அவர் சொன்ன மற்றவற்றின் மேலும் நம்பிக்கை வருகிறது.

ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் வருவது பொதுவான பதிலாகத்தான் இருக்கும். அங்கே நிற்காமல் தோண்ட வேண்டும். எப்படி என்பதை, திருச்சி அம்மாவிடம் மூன்றாவது கேள்வியில் நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

"முதல்ல சமைச்ச நாளைப் பத்திச் சொல்லுங்கம்மா."

"நல்லாத்தான் சார் இருந்தது. கொஞ்சம் பழகணும், அவ்வளவுதான்."

"அது என்ன கிழமைன்னு ஞாபகம் இருக்கா?"

"ஞாயித்துக்கிழமை. ஆமா, ஞாயித்துக்கிழமைதான். நாத்தனார் வீட்டுல இருந்து வந்திருந்தாங்க."

"எப்படிச் சமைச்சீங்க?"

"கடை அரிசி மாதிரியே குக்கர்ல மூணு விசில் வச்சு இறக்கிட்டேன். தெறந்து பார்த்தா கல்லு மாதிரி இருக்கு. நாத்தனார் ஒரு வாய் வச்சிட்டு தட்டையே பாத்துக்கிட்டு இருந்தாங்க."

"அப்புறம்?"

இங்கே நான் ஒன்றும் பேசவில்லை. மூன்று விநாடி, நான்கு விநாடி. அந்த மௌனம் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். நாம் பொறுத்துக்கொண்டால் அவர்களே அதை நிரப்புவார்கள்.

"அப்புறம் என்ன சார், ரவை உப்புமா கிண்டினேன். அந்தச் சோத்தை மாட்டுக்குப் போட்டாச்சு. கிலோவுக்கு இவ்வளவு காசு கொடுத்து மாட்டுக்கு வாங்கியிருக்கோமேன்னு ஆத்திரமா வந்தது. அதான் ரெண்டு மாசம் உங்களுக்குப் போனே பண்ணல."

ஆவணி மாதம் ஏன் காலியாக இருந்தது என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது. முதல் பதிலான "நல்லாத்தான் சார் இருந்தது" என்பதோடு நின்றிருந்தால் இது வந்திருக்காது. தோண்டுவதற்கு நான் வைத்திருப்பது நான்கு சின்னக் கேள்விகள்தான்: அது என்றைக்கு? கூட யார் இருந்தார்கள்? என்ன செய்தீர்கள், என்ன சொன்னார்கள்? எவ்வளவு? "எப்படி உணர்ந்தீர்கள்" என்று கேட்பதில்லை. அதைக் கேட்டால் "சந்தோஷமா இருந்தது" என்ற ஒரே பதில்தான் வரும்.

இன்னொரு தவறையும் சொல்ல வேண்டும். "ஊற வச்சதும் சரியா வந்திருக்குமே?" என்று பதிலையும் சேர்த்துக் கேட்பது. அவர்கள் "ஆமா சார்" என்பார்கள், கதை அங்கேயே செத்துவிடும். ஒரு கேள்விக்கு "ஆமாம்" அல்லது "இல்லை" என்று பதில் சொல்ல முடியும் என்றால், அந்தக் கேள்வியை மாற்ற வேண்டும். "ரெண்டாவது தடவை எப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டேன். ஊரிலிருந்து மாமியார் வந்ததையும், அவர் பையைத் திறந்து ஒரு கை அரிசியை எடுத்துப் பார்த்துவிட்டு, "இத ராத்திரியே ஊறப் போடணும்டி, குக்கர் எல்லாம் வேண்டாம்" என்று சொன்னதையும், ஒரு டம்ளருக்கு நான்கு டம்ளர் தண்ணீர் வைத்துப் பானையில் வடித்ததையும் அவரே சொன்னார். மறுநாள் காலை மாமியார் நீராகாரத்தைக் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டாராம். ஐந்தாவது கேள்விக்கான பதில் அந்த இரண்டாவது டம்ளர்தான்.

வண்டு விழுந்த கதை

நான்காவது கேள்வியில் வண்டு வந்தது. பத்து கிலோப் பையில் பாதி தீர்ந்தபோது வண்டு விழுந்திருக்கிறது. திருப்பி அனுப்பிவிடலாம் என்று எனக்குப் போன் செய்தார். மருந்து வைக்காத அரிசியில் வண்டு வரத்தான் செய்யும், ஈரம் படாத டப்பாவில் கொஞ்சம் வசம்போ காய்ந்த மிளகாயோ போட்டு வைக்கலாம், மொத்தமாக வாங்காமல் மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கலாம் என்று நான் சொன்னேன். வேண்டுமானால் மாற்றித் தருகிறேன் என்றும் சொன்னேன். அவர் புடைத்துப் பயன்படுத்திக்கொண்டார்.

வீடியோவில் இதை வெட்டிவிட வேண்டும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. நம் சரக்கில் பூச்சி என்று நாமே ஊருக்குச் சொல்வதா? என் மகன்தான் தடுத்தான். "அப்பா, வாங்குறவங்க எல்லார் வீட்டுலயும் வண்டு வரப் போகுது. அன்னைக்கு அவங்க உங்களத் திட்டணுமா, இல்ல இந்தம்மா சொன்னது ஞாபகம் வரணுமா?" வைத்தேன். அதன் பிறகு வண்டுக்காக வரும் போன்களில் கோபம் குறைந்தது. "அந்த வீடியோல சொன்ன வசம்பு எங்க சார் கிடைக்கும்?" என்று கேட்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. குறையைச் சேர்ப்பதாக இருந்தால், அந்தக் குறைக்கு என்ன செய்தோம் என்பதும் சேர்ந்தே வர வேண்டும். அதையும் வாடிக்கையாளர் வாயால்தான் சொல்ல வேண்டும். நாம் செய்யாமலே அவரைச் சொல்ல வைத்தால் அது ஏமாற்று.

சாட்சி, பார்த்ததை மட்டும்தான் சொல்லலாம்

பேச்சின் நடுவில் அந்த அம்மா உற்சாகமாகி, "எங்க வீட்டுக்காரருக்குச் சுகர் நல்லா இறங்கிருச்சு சார், இத எல்லாச் சுகர்காரங்களும் சாப்பிடணும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் மேலே கேட்டதில், கணவர் அதே சமயத்தில் நடைப்பயிற்சி ஆரம்பித்திருக்கிறார், மாத்திரையும் மாற்றியிருக்கிறார். எதனால் இறங்கியது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இதைப் பார்த்துவிட்டு யாராவது மாத்திரையை நிறுத்தினால் அந்தப் பாவம் நம்மைச் சேரும்.

சட்டமும் இருக்கிறது. உணவுப் பொருள் நோயைத் தடுக்கும், குணமாக்கும் என்ற வகையில் விளம்பரம் செய்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விளம்பர விதிகள் கட்டுப்படுத்துகின்றன. தவறான விளம்பரத்துக்கு, உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006இன் 53ஆம் பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் இருக்கிறது. "நான் சொல்லலையே, வாடிக்கையாளர்தானே சொன்னார்" என்று தப்ப முடியாது. வீடியோவை எடுத்து, வெட்டி, விற்பனைக்காகப் போட்டது நாம். அது நம் விளம்பரம்தான்.

அதனால் அந்தப் பகுதியை எடுத்துவிட்டேன். அவரிடம் காரணத்தையும் சொன்னேன். அதற்குப் பதிலாக வேறு கேட்டேன். "வீட்டுக்காரர் இதை எப்படிச் சாப்பிடுவார்?" "முன்ன மூணு தடவை சோறு போட்டுக்குவாரு. இதுல ரெண்டு கரண்டியிலயே போதும்கிறாரு." இது அவர் தினமும் கண்ணால் பார்ப்பது. இதைச் சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு.

"கெமிக்கல் இல்லாதது" என்று முதல் வீடியோவில் நான் எழுதிக் கொடுத்ததும் இதே வகைத் தவறு. திருச்சியில் இருக்கிறவருக்கு என் வயலில் நான் என்ன போட்டேன் என்று எப்படித் தெரியும்? அதை நிரூபிக்க வேண்டியது நான். பி.ஜி.எஸ். சான்றிதழ், வயல் பதிவேடு, வயலைப் பார்க்க வருபவருக்குத் திறந்திருக்கும் வரப்பு, இவைதான் அதற்குச் சாட்சி. வாடிக்கையாளரிடம் அவர் அடுப்படியில் நடந்ததை மட்டும் கேட்போம். அவர் வயலுக்கு வந்து பார்த்திருந்தால், பார்த்ததைச் சொல்லலாம். "நாங்க போன அன்னைக்கு மீன் அமிலம் கலந்துக்கிட்டு இருந்தாங்க, அந்த நாத்தத்துல என் பொண்ணு ஓடியே போயிட்டா" என்று இன்னொரு வாடிக்கையாளர் சொன்னார். நூறு தடவை "இயற்கை, இயற்கை" என்று சொல்வதைவிட அந்த நாற்றம் மேல்.

எடுக்கும்போது

படம் பிடிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. பட்டு உணர்ந்ததை மட்டும் சொல்கிறேன். படம் சுமாராக இருந்தாலும் பார்ப்பார்கள், பேச்சு கேட்கவில்லை என்றால் உடனே தள்ளிவிடுவார்கள். மின்விசிறியையும் டிவியையும் நிறுத்துங்கள். சட்டையில் குத்தும் சின்ன மைக் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது போனில் குரல் பதிவை ஓடவிட்டு அவர் மடியில் வைத்துவிடுங்கள். படம் எடுக்கும் போனை ஃபிளைட் மோடில் போடுங்கள். ஜன்னல் வெளிச்சம் அவர் முகத்தில் விழ வேண்டும், முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் கறுத்துவிடும். அவர் போனைப் பார்க்காமல், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நம்மைப் பார்த்துப் பேசட்டும்.

கூடத்து சோபாவில் உட்கார வைத்தால் பெண் பார்க்க வந்த மாதிரி விறைத்துப் போகிறார்கள். அடுப்படியில், அரிசி களைந்துகொண்டே பேசச் சொன்னால் கை வேலையில் இருக்கும், வாய் தானாகப் பேசும். பேசி முடித்த பிறகு அரிசி டப்பா, ஊறும் பானை, வடித்த சோறு என்று ஐந்தாறு துண்டுக் காட்சிகள் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சை வெட்டி ஒட்டும் இடத்தில் முகம் குதிக்கும், அங்கே இந்தக் காட்சிகளை மேலே போட்டு மறைக்கலாம்.

இருபத்திரண்டு நிமிடம் ஒன்றரை நிமிடமான கதை

அன்று பதிவானது இருபத்திரண்டு நிமிடம். அதைப் போனில் வைத்து வெட்ட ஆரம்பித்தால் தலை சுற்றிவிடும். நோட்டை எடுத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திக் கேட்டு, எத்தனையாவது நிமிடத்தில் என்ன சொன்னார் என்று எழுதினேன். பிறகு ஒவ்வொரு வரிக்கும் ஒரு சோதனை: "அரிசி" என்ற சொல்லை எடுத்துவிட்டு "சோப்பு" என்று போட்டால் அந்த வரி பொருந்துகிறதா? "ரொம்ப நல்ல தரம்" என்பது சோப்புக்கும் பொருந்தும், அடித்துவிட்டேன். "மூணு விசில் வச்சு இறக்கினேன், கல்லு மாதிரி இருந்தது" என்பது பொருந்தாது, வைத்துக்கொண்டேன். கடைசியில் நின்ற இரண்டாவது ஸ்கிரிப்ட் இது.

0 முதல் 15 விநாடி. முகம்: "முதல் தடவை குக்கர்ல மூணு விசில் வச்சேன். கல்லு மாதிரி இருந்தது. நாத்தனார் முன்னாடி மானமே போச்சு. சோத்தை மாட்டுக்குப் போட்டுட்டு உப்புமா கிண்டினேன்."

15 முதல் 25 விநாடி. அரிசிப் பையின் காட்சி, மேலே குரல்: "ரெண்டு மாசம் அந்தப் பையைத் தொடவே இல்ல."

25 முதல் 50 விநாடி. ஊறும் பானை, பிறகு முகம்: "மாமியார் ஊர்லேருந்து வந்தாங்க. ராத்திரியே ஊறப் போட்டு, ஒரு டம்ளருக்கு நாலு டம்ளர் தண்ணி வச்சுப் பானையில வடிச்சாங்க. மறுநாள் காலையில நீராகாரம் குடிச்சிட்டு இன்னொரு டம்ளர் கேட்டாங்க. அன்னைக்குத்தான் அஞ்சு கிலோ சொன்னேன்."

50 முதல் 70 விநாடி. டப்பாவின் காட்சி: "நடுவுல வண்டு விழுந்தது. போன் பண்ணிச் சத்தம் போட்டேன். மாத்தித் தரேன்னாங்க. இப்ப வசம்பு போட்டு வைக்கிறேன், மாசத்துக்கு மட்டும் வாங்குறேன்."

70 முதல் 90 விநாடி. முகம்: "காலையில அவசரமா ஓடுறவங்களுக்கு இது தினமும் சரிப்படாது. நாங்களே வாரத்துல நாலு நாள்தான். ஆனா ஞாயித்துக்கிழமை வேற அரிசி வச்சா எங்க வீட்டுல கேள்வி கேப்பாங்க."

முடிவில் "வாங்குங்கள்" என்று அவர் சொல்லவே இல்லை. ஊர்ப் பெயரும் போன் எண்ணும் எழுத்தில் நாங்கள் போட்டுக்கொண்டோம். சிக்கல் முதலில் வருவதையும் கவனியுங்கள். முதல் பத்து விநாடியில் "வணக்கம், என் பெயர்..." என்று ஆரம்பித்தால் விரல் அடுத்ததுக்குப் போய்விடும்.

வெட்டும்போது ஒரு நேர்மை வேண்டும். இரண்டு இடத்தில் சொன்னதை ஒட்டலாம், சுருக்கலாம். ஆனால் அவர் சொல்லாத பொருள் வரும்படி ஒட்டக் கூடாது. "முதல்ல பிடிக்கல, இப்பவும் என் பொண்ணுக்குப் பிடிக்கல" என்றதில் பின்பாதியை வெட்டி, வீடு முழுக்கச் சாப்பிடுவதாகக் காட்டினால், அந்தப் பெண்ணின் தோழியே வந்து கேட்டுவிடுவாள்.

போடுவதற்கு முன்

வெட்டிய வீடியோவை முதலில் பேசியவருக்கு அனுப்பினேன். நாத்தனார் விஷயம் இருக்கட்டுமா என்று கேட்டேன். நாத்தனாரிடமே காட்டிச் சிரித்துவிட்டு, இருக்கட்டும் என்றார். வேண்டாம் என்றிருந்தால் எடுத்திருப்பேன். எங்கெங்கே போடப் போகிறேன், அவர் எப்போது சொன்னாலும் எடுத்துவிடுவேன் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். வங்கிக்காரன் புத்தி, தாள் இல்லாமல் தூக்கம் வராது. குழந்தைகள் முகம், வீட்டு வாசல், தெருப் பெயர்ப்பலகை எதுவும் படத்தில் வராமல் பார்த்துக்கொண்டேன்.

பேசியதற்காக நான் அரிசியோ பணமோ கொடுக்கவில்லை. கொடுப்பதாக இருந்தால் அதை வீடியோவிலேயே எழுதிக் காட்ட வேண்டும். பரிந்துரை செய்பவருக்கும் விற்பவருக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் இருந்தால் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், அவர் சொல்வது அவருடைய உண்மையான அனுபவமாக இருக்க வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றினால், வீடியோ போட்டு ஆறு மாதம் கழித்துப் பொங்கலுக்கு ஒரு படி அரிசி கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று நினைத்தேன். என் மனைவி அதையும் வேண்டாம் என்றுவிட்டாள். "அப்புறம் அடுத்த வீடியோவுக்கு அந்தம்மாவ எப்படிக் கேப்பீங்க?"

எல்லாருக்கும் இப்படி ஒரு கதை இருக்குமா என்று கேட்பீர்கள். இருக்காது. மூன்று பேரிடம் பேசினால் ஒருவரிடம்தான் வீடியோ கிடைக்கிறது. மற்ற இருவர் பேச்சும் வீண் போகாது. ஒரு அம்மாவிடம் நாற்பது நிமிடம் பேசியும் வீடியோவுக்கு ஒன்றும் தேறவில்லை. ஆனால் எங்கள் பையில் சமைக்கும் முறை எழுதவில்லை என்பதை அவர்தான் எடுத்துச் சொன்னார். இப்போது ஒவ்வொரு பையிலும் "இரவே ஊற வைக்கவும், ஒன்றுக்கு நான்கு தண்ணீர்" என்று அச்சடித்து ஒட்டுகிறோம். அதை முதலிலேயே செய்திருந்தால், ஆவணி மாதம் அந்த மாடு சோறு தின்றிருக்காது.